எல்லோருக்கும் மூன்றே மூன்று

சோழிங்கநல்லூரில் உள்ள எங்கள் அலுவலகத்தில் இவ்வாண்டு வேலை மதிப்பீட்டிலும் 12 பேருக்கும் ஐந்துக்கு மூன்றுதான்; நள்ளிரவு 2 மணிக்கு எழுந்து சர்வரை மீட்டவருக்கும், அதே வாரம் தன் டிக்கெட்டுகளைத் திறந்துகூடப் பார்க்காதவருக்கும் அதே மூன்று. நான்கு போட்டால் மேலிடத்துக்குக் காரணம் எழுத வேண்டும், இரண்டு போட்டால் எதிரில் உட்கார வைத்து விளக்க வேண்டும், மூன்றுக்கு மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை, சூட்சுமம் அவ்வளவுதான்.

முந்தைய மேலாளர், எந்த எண்ணுக்கு எத்தகைய வேலை ஈடு என்பதை ஏப்ரலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு, மாதந்தோறும் ஒவ்வொருவரைப் பற்றியும் தேதியுடன் இரண்டு வரி குறித்து வைத்து, மார்ச்சில் இரண்டையும் ஒப்பிட்ட பிறகே மதிப்பெண் போடுவார். எனக்கு ஒருமுறை இரண்டு போட்டார். கோபம் வந்தது என்றாலும், எந்தத் தேதியில் எதைத் தவறவிட்டேன் என்பது தெரிந்தது. இப்போதைய மேலாளரிடம் மூன்றுக்குக் காரணம் கேட்டால், “எல்லாருக்கும் அதுதானே சார்” என்கிறார்.