6,89,003 பேரை வைத்துச் செய்த ஆய்வுக்கு "மாதிரி சிறியது" என்று ஒரு குறை

ஊடக விளைவுகள் பாடத்துக்கு மாணவர்களிடம் ஒரு வேலை கொடுத்திருந்தேன். ஒரு ஆய்வுக் கட்டுரையை ஒரே பக்கத்தில் எழுத வேண்டும்: அது என்ன வாதிடுகிறது, எப்படி ஆராய்ந்தார்கள், என்ன கிடைத்தது, எங்கே இடிக்கிறது. கட்டுரை, ஆடம் கிராமர், ஜேமி கில்லரி, ஜெஃப்ரி ஹான்காக் மூவரும் 2014இல் பி.என்.ஏ.எஸ். இதழில் வெளியிட்டது. முகநூல் தன் பயனர்கள் மீதே நடத்திய சோதனை. நாமெல்லாம் குடியிருக்கும் வீடாயிற்றே, ஆசையாகப் படிப்பார்கள் என்று நினைத்தேன். வந்த தாள்களில் பாதிக்கு மேல், குறை என்ற இடத்தில் "மாதிரி அளவு சிறியது" என்றிருந்தது. சோதனையில் இருந்தவர்கள் 6,89,003 பேர்!

குறையை எல்லாரும் கட்டுரையைப் படிக்கும் முன்பே எழுதி வைத்துவிடுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

வாதத்திலேயே சறுக்கல் தொடங்குகிறது. "முகநூல் மனநிலையை மாற்றுகிறது" என்று எழுதினால் அது செய்தித் தலைப்பு. கட்டுரை யாரோடு மல்லுக்கட்டுகிறது என்று பார்க்க வேண்டும். ஊரார் சிரிக்கும் படங்களைப் பார்த்துப் பார்த்து நமக்கு ஏக்கம் வருகிறது என்றொரு கருத்து அப்போதே பரவலாக இருந்தது. இவர்கள் சொல்வது நேர் எதிர்: நண்பர்களின் மகிழ்ச்சி நமக்கும் ஒட்டிக்கொள்ளும், எரிச்சலும் அப்படியே. அதற்கு நேரில் பார்க்க வேண்டாம், எழுத்தே போதும். எதிராளி யாரென்று தெரிந்தபிறகு வாதத்தை இரண்டே வரியில் எழுதிவிடலாம்.

முறைக்கு வருவோம். 2012 ஜனவரியில் ஒரு வாரம். முகநூலை ஆங்கிலத்தில் பார்ப்பவர்கள் மட்டும். ஒரு பிரிவினருக்கு நண்பர்களின் மகிழ்ச்சிப் பதிவுகளில் ஒரு பங்கு நியூஸ் ஃபீடில் வராமல் மறைக்கப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு எதிர்மறைப் பதிவுகள். இரண்டுக்கும், ஒப்பிட்டுப் பார்க்க, தனித்தனிக் கட்டுப்பாட்டுக் குழு. ஏன் தனித்தனி? மகிழ்ச்சிச் சொல் உள்ள பதிவுகள் ஏறக்குறைய 47 சதவீதம், எதிர்மறைச் சொல் உள்ளவை 22 சதவீதம்தான். முதல் பிரிவினருக்கு மறையும் பதிவுகளே அதிகம் என்பதால், ஒப்பிடும் குழுவுக்கும் அதே அளவு, உள்ளடக்கம் பார்க்காமல், மறைக்க வேண்டியிருந்தது. இதை எழுதியவர் ஒரே ஒரு மாணவி. அவர் கட்டுரையை உண்மையில் படித்திருக்கிறார் என்பதற்கு எனக்கு இதுவே சாட்சி.

பிறகு அந்த ஆட்கள் எழுதிய பதிவுகளில் மகிழ்ச்சிச் சொல் எத்தனை, எதிர்மறைச் சொல் எத்தனை என்று ஒரு மென்பொருள் எண்ணியது.

கிடைத்தது என்ன? மகிழ்ச்சிப் பதிவுகளைக் குறைத்தபோது அவர்கள் எழுத்தில் மகிழ்ச்சிச் சொற்களின் பங்கு 0.1 சதவீதம் குறைந்தது; எதிர்மறைச் சொற்கள் 0.04 கூடின. எதிர்மறையைக் குறைத்தபோது இது தலைகீழாக நடந்தது. வாதத்தின் திசை சரிதான். ஆனால் "குறைந்தது" என்று எழுதி நிறுத்தினால் படிப்பவர் ஏமாந்துபோவார். கொஞ்சம் கணக்குப் போடுங்கள். அந்த வாரம் மொத்தம் 30 லட்சத்துக்கு மேல் பதிவுகள், 12 கோடிக்கு மேல் சொற்கள். பதிவுக்குச் சுமார் 40 சொல். 0.1 சதவீதம் என்றால் ஆயிரம் சொல்லுக்கு ஒன்று. ஆக, ஒருவர் 25 பதிவு போட்டால் அதில் ஒரு மகிழ்ச்சிச் சொல் குறைகிறது. அவ்வளவுதான்! ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் உள்ள "மாபெரும் அளவு" ஆட்களின் எண்ணிக்கைக்குப் பொருந்தும், விளைவுக்குப் பொருந்தாது. இத்தனை கோடிப் பேர் உள்ள இடத்தில் சின்ன விளைவும் கூட்டினால் பெரிது என்று ஆசிரியர்களே பதில் வைத்திருக்கிறார்கள். அதையும் ஒரு வரி எழுதுவதுதான் நியாயம். மாதிரி சிறிதாக இருப்பதல்ல இங்கே பிரச்சினை. இவ்வளவு பெரிய மாதிரியில் தூசி அளவு வித்தியாசம்கூடப் புள்ளியியல் சோதனையில் தேறிவிடும்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. வாதம் உணர்ச்சியைப் பற்றியது, அளந்ததோ சொற்களை. "நான் மகிழ்ச்சியாக இல்லை" என்று ஒருவர் எழுதினாலும் சொல்லை எண்ணும் மென்பொருள் மகிழ்ச்சிக் கணக்கில் ஒன்றைச் சேர்க்கும். அதை விட்டாலும் இன்னொன்று இருக்கிறது. நண்பர்கள் புலம்பிக்கொண்டிருக்கும்போது நாம் மட்டும் "ஜாலி" என்று பதிவு போட மாட்டோம். சாவு வீட்டில் சத்தமாகச் சிரிக்காதவரெல்லாம் உள்ளுக்குள் அழுகிறார் என்று பொருளா? மனம் மாறாமலே எழுத்து மட்டும் மாறியிருக்கலாம். இந்தச் சோதனையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

ஒப்புதல் கேட்காமல் சோதித்தது பற்றிச் சிலர் முக்கால் பக்கம் பொங்கியிருந்தார்கள். கோபம் சரிதான், இதழே பின்னர் கவலை தெரிவித்துக் குறிப்பு வெளியிட்டது. ஆனால் அது முடிவு சரியா தவறா என்பதைத் தொடாது. தனியாக இரண்டு வரி போதும். நான் மதிப்பெண் குறைத்தது அதற்காக இல்லை, அந்தக் கோபம் மற்ற மூன்று பகுதிகளின் இடத்தையும் தின்றுவிட்டதற்காக. மாதிரி சிறியது என்று எழுதியவர்களிடம் தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன், திங்கள்கிழமை மறுபடி தர வேண்டும்.