ஒரு கலாய்க்கு நாலு சிரிப்பு

கவுண்டர் கொடுப்பது நம் ஊரில் எல்லாருக்கும் வரும். அது வெடித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஸ்டாண்ட்-அப் மேடையில் இதற்கு ‘டேக்’ என்று பெயர். புதுக் கதை எதுவும் தொடங்காமல், அதே கலாயிலிருந்து ஒற்றை வரியில் அடுத்த சிரிப்பை வாங்குவது.

கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளையின் நண்பன் மைக் பிடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். "டீக்கடையில காசு கொடுக்கிற நேரத்துல மட்டும் இவனுக்குக் கரெக்டா போன் வரும்." சிரிப்பு வருகிறது. அடுத்து, "சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் வரும்." சொன்னதையே நடக்க முடியாத எல்லைக்குத் தள்ளியாயிற்று. மூன்றாவது, "இப்பல்லாம் மாஸ்டரே கேக்குறாரு, ‘தம்பி, போன் வந்துருச்சா, கணக்கு சொல்லட்டுமா?’" இங்கே பார்வை மாஸ்டருடையது. கடைசியாக, "போன வாரம் எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல போன் வந்துச்சு. பாவம், மாஸ்டர்தான் காசு கொடுத்தாரு."

மாப்பிள்ளை அடி வாங்கியது முதல் வரியில் மட்டும். அதன்பின் போன், மாஸ்டர், கடைசியில் பேசுகிறவனே மாட்டிக்கொள்கிறான். நல்ல டேக் ஆளை விட்டு நகர்ந்து, அந்தக் கலாய் உண்டாக்கிய உலகத்துக்குள் போகும் என்பது என் கட்சி. முதல் சிரிப்பு வந்த தைரியத்தில் ஆளின் நிறம், தொப்பை, சம்பளம் என்று அடுக்குவதை நான் டேக் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன். (சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் நடப்பது இதுதான்.)

"அவ்வளவு கஞ்சன்ங்க இவன்!" என்று முடிப்பது இன்னும் மோசம். கூட்டம் தானாகப் பிடித்ததை விளக்கியதும் சிரிப்பு அங்கேயே நின்றுவிடும். "இவன் வீட்டு ஃபேன் இருக்கே..." என்று ஆரம்பித்தால் அது வேறு ஜோக். கூட்டம் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும்.

அப்புறம் நேரம். சிரிப்பு உச்சத்தில் இருக்கும்போது சொன்னால் வரி காதில் விழாது. முழுக்க அடங்கிய பிறகு சொன்னால் மறுபடி வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணுகிற கதைதான். சத்தம் இறங்கத் தொடங்கும்போதே அடுத்த வரி விழ வேண்டும். அதனால்தான் முதல் டேக் குட்டியாக இருப்பது நல்லது. மாஸ்டர் டேக் போல நீளமானதை, கூட்டம் முழுசாக நம் பக்கம் வந்த பிறகு வைக்கலாம்.

முதல் வரிக்கே சிரிப்புக்குப் பதில் "ஊஊ..." என்று சத்தம் வந்தால் கையிலிருக்கும் மூன்று டேக்கையும் விழுங்கிவிட வேண்டும். கலாய் தப்பான இடத்தில் பட்டிருக்கிறது. அடுத்து வருகிற எந்த வரியும் அதே புண்ணில்தான் விழும். மாப்பிள்ளை பல்லைக் காட்டிக்கொண்டே பொண்ணு வீட்டார் பக்கம் பார்க்கிறானா? அப்போதும் அதே முடிவுதான். மைக்கை அடுத்த ஆளிடம் கொடுத்துவிடலாம்.