ஏப்ரல் பில்லை மார்ச்சில் போட்டுவிட்டு, "ஸ்டாக் சரியாயிடுச்சு சார்" என்கிறார்கள்

நான்கு நாளாக வயிறு எரிகிறது, இன்று எழுதித் தீர்த்துவிடுகிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் யூனிட்டில் கணக்கு பார்க்கிறேன், பதினோரு வருடமாக. மார்ச் முடிவு எங்களுக்குப் புதிது இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் அதே தப்பு, அதைச் சொன்னால் "ரெண்டு நாள் வித்தியாசம்தானே" என்று அதே பதில்!

நடந்தது இதுதான். ஏப்ரல் 1, 2, 3 மூன்று நாளும் நாளுக்கொரு லோடு பெங்களூரு போனது. லோடுக்கு 80 டிரம், டிரம்முக்கு 215 கிலோ, பெங்களூரா ரகக் கூழ், கிலோ 60 ரூபாய். ஆக 240 டிரம், வரி சேர்க்காமல் 30,96,000 ரூபாய். பில், இ-இன்வாய்ஸ், இ-வே பில் எல்லாம் டிஸ்பாட்ச் ஆபீஸில் ஏப்ரல் தேதியில் சரியாகவே போட்டிருக்கிறார்கள், புது வருட சீரியலில் 1, 2, 3 என்று. அந்தப் பில்களை டேலியில் ஏற்றிய பையன் மட்டும் தேதியைப் பார்க்கவில்லை. டேலி கடைசியாக எந்தத் தேதியில் பதிந்தோமோ அங்கேயே நிற்கும், F2 அழுத்தி நாம்தான் மாற்ற வேண்டும். அவன் அதற்கு முன்னால் மார்ச் செலவு வவுச்சர் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான், தேதி 31-3-ல் நின்றது, மூன்று பில்லும் அப்படியே மார்ச்சில் உட்கார்ந்துவிட்டன. புது சீரியலின் முதல் மூன்று நம்பர் பழைய வருடத்தில் இருப்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

இதுவரை அவன்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. புதுப் பையன், தேதி தவறுவது யாருக்கும் நடக்கும். என் கோபமெல்லாம் அடுத்து நடந்ததில்.

குடோனில் ஸ்டாக் எண்ணியது ஏப்ரல் 1 காலை ஏழு மணிக்கு, முதல் லோடு கிளம்புவதற்கு முன்னால். அந்த 240 டிரம்மும் அப்போது குடோனில்தான் நிற்கிறது, எண்ணிக்கையில் வந்துவிட்டது. டேலியிலோ அவை மார்ச்சிலேயே விற்றுப் போய்விட்டன. அப்புறம் 4-ஆம் தேதி இரண்டையும் ஒப்பிட்டால் எப்படி வரும்? குடோனில் 240 டிரம் அதிகம் என்று வரும், வந்தது. அங்கே ஒரு மனிதர் என்ன செய்திருக்க வேண்டும்? சரியாக மூன்று லோடு அதிகமாக நிற்கிறதே, எந்த மூன்று லோடு என்று கேட் ரிஜிஸ்டரைத் திறந்திருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. எங்கள் சீனியர் அதைச் செய்யவில்லை. சரக்கு இருப்பைக் கூட்டவும் குறைக்கவும் டேலியில் போடும் ஸ்டாக் ஜர்னலில் 240 டிரம்மை 31-3 தேதியிலேயே கூட்டிவிட்டு, "ஸ்டாக் சரியாயிடுச்சு சார்" என்று எனக்கு மெசேஜ் போட்டார். எது சரியானது?

இது எவ்வளவு பெரிய கேடு என்று பார்க்கலாம். அடக்கம் கிலோ 48 ரூபாய், 240 டிரம்முக்கு 24,76,800. தேதி தப்பு மட்டும் இருந்திருந்தால் விற்பனை 30,96,000 கூடியிருக்கும், அடக்கமும் 24,76,800 ஸ்டாக்கிலிருந்து கழிந்திருக்கும், லாபம் 6,19,200 மட்டும் மிகையாகக் காட்டியிருக்கும். அதுவும் தப்புதான், ஆனால் அளவுள்ள தப்பு. ஸ்டாக்கைத் திரும்பக் கூட்டியதும் கழிந்த அடக்கம் ஸ்டாக்காகத் திரும்பி வந்துவிட்டது, விற்பனை அப்படியே நிற்கிறது. லாபம் முழுசாக 30,96,000 மிகை! ஒரே டிரம் கடனாளி கணக்கிலும் இருக்கிறது, குடோன் கணக்கிலும் இருக்கிறது. பேங்குக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் இரண்டும் சேர்ந்து போயிருந்தால், அதை வைத்துத்தான் எங்கள் சி.சி. கடன் லிமிட்டில் எவ்வளவு எடுக்கலாம் என்று கணக்குப் போடுவார்கள். கையெழுத்து யாருடையது? என்னுடையது.

பிடிபட்டது ஜி.எஸ்.டி. வேலையில்தான். இ-இன்வாய்ஸ் போட்ட பில்கள் அதனதன் தேதிப்படி போர்ட்டலில் விற்பனை ரிட்டர்னான GSTR-1-க்குத் தானாக வந்துவிடும். மார்ச்சுக்கு அங்கே வந்ததையும் டேலி சேல்ஸ் ரிஜிஸ்டரையும் வைத்துப் பார்த்தால் டேலியில் சரியாக 30,96,000 கூடுதல். பில் நம்பரைப் பார்த்ததுமே தலை சுற்றியது. கேட் ரிஜிஸ்டர், எடை சீட்டு, கிருஷ்ணகிரி டோலில் ஃபாஸ்டேக் பணம் போன நேரம், எல்லாமே ஏப்ரல்.

சேல்ஸ் ஆள் உடனே வந்துவிட்டார். "மார்ச்சிலேயே இருக்கட்டும், டார்கெட் வந்திருக்கு, ஆர்டர் மார்ச்சுலயே வந்ததுதானே" என்கிறார். ஆர்டர் பிப்ரவரியில்கூட வந்திருக்கட்டும், சரக்கு என் குடோனில் என் பொறுப்பில் நிற்கும்வரை அது விற்பனை இல்லை. அன்று இரவு மழையில் கூரை ஒழுகியிருந்தால் நஷ்டம் யாருக்கு?

திருத்தம் இரண்டு பாதி. மூன்று பில்லின் தேதியையும் அதனதன் ஏப்ரல் தேதிக்கு மாற்றினேன். ரிட்டர்னும் போகவில்லை, கணக்கும் முடியவில்லை என்பதால் இது போதும். ஆனால் இதோடு நிறுத்தினால் டேலி ஸ்டாக் குடோனைவிட 240 டிரம் அதிகம் காட்டும், ஏனென்றால் அந்த ஸ்டாக் ஜர்னல் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதற்கு 31-3 தேதியிலேயே எதிர்ப்பதிவு போட்டு, காரணத்தை நரேஷனில் எழுதினேன். அழித்திருக்கலாம், எடிட் லாகில் அதுவும் நிற்கும், ஆனால் ஆடிட்டர் கேட்கும்போது இரண்டு பதிவும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதே எனக்கு நல்லது. அதன்பின் குடோன் எண்ணிக்கையும் டேலியும் ஒரு டிரம் பிசகாமல் நின்றன.

இந்த அலசலில் இன்னொரு லோடு மாட்டியது. மார்ச் 31 இரவு பதினொன்றுக்கு கேட்டைத் தாண்டியிருக்கிறது, பில்லும் 31-3, சீரியலும் பழையது. எல்லோரும் இது மார்ச்தான் என்றார்கள். ஆனால் அந்த பார்ட்டியோடு எங்கள் பேச்சு அவர்கள் இடத்தில் இறக்கும்வரை பொறுப்பு எங்களுடையது என்பது, இறக்கியது 1-ஆம் தேதி காலை. ஜி.எஸ்.டி.க்கு பில் தேதிதான் கணக்கு, வரி மார்ச்சிலேயே கட்ட வேண்டும், பில்லைத் தொடக்கூடாது. புத்தகத்தில் மட்டும் 31-3 தேதியில் விற்பனையைப் பற்று, பார்ட்டியை வரவு என்று 10,32,000-க்கு ஒரு ஜர்னல், 80 டிரம்மை அடக்க விலை 8,25,600-க்கு வழியில் இருக்கும் சரக்காக இன்னொன்று, ஏப்ரல் 1-ல் இரண்டையும் திருப்பிவிட்டேன். ஆண்டுக் கணக்கில் ரிட்டர்ன் விற்பனைக்கும் புத்தக விற்பனைக்கும் இந்தத் தொகை வித்தியாசம் வரும், அதற்கான தாளை இப்போதே ஃபைலில் வைத்தாயிற்று.

ராத்திரி ஒன்பது மணிக்கு இதெல்லாம் முடித்து நிமிர்ந்தால் சீனியர் கேட்கிறார், "மூணு என்ட்ரிக்கு இவ்ளோ டென்ஷன் தேவையா சார்?" தேவை சார். வித்தியாசம் வந்தால் ஏன் வந்தது என்று தேடத்தான் உங்களுக்கும் எனக்கும் சம்பளம். டேலியில் பழைய தேதியில் பதிவு போடும் உரிமையை எல்லோருடைய லாகினிலிருந்தும் எடுத்துவிட்டேன். ஸ்டாக் ஜர்னலும் இனி என் லாகினில் மட்டும்தான். கோபப்படுபவர்கள் கோபப்படட்டும்.