மேட்ரிக்ஸ் ஆர்டர்: டிடர்மினன்ட் 1 வந்தா போதாது

லென்ஸ் வழியா ஒளிக்கதிர் போறதை மேட்ரிக்ஸ் வெச்சு கணக்கு போடுறது பத்தி பரவுற மெசேஜ்: "ரே எந்த ஆர்டர்ல போகுதோ அதே ஆர்டர்ல இடமிருந்து வலமா மேட்ரிக்ஸை எழுதி பெருக்குங்க, டிடர்மினன்ட் 1 வந்தா விடை சரி."

இது தப்பு, ரெண்டு பாதியுமே தப்பு. ரேயை உயரம், கோணம்னு நெடுவரிசையா வலப்பக்கம் எழுதுறோம், அதனால அது முதல்ல தொடுற லென்ஸோட மேட்ரிக்ஸ்தான் அதுக்கு ஒட்டி வலது ஓரத்துல வரணும், கடைசி லென்ஸ் இடது ஓரத்துல.

போட்டே பாத்துரலாம். 10 செ.மீ குவியதூர லென்ஸ் L1, 5 செ.மீ இடைவெளி S, அப்புறம் 20 செ.மீ லென்ஸ் L2, சுத்தி காத்து. விடை மேட்ரிக்ஸை [ A B ; C D ]-ன்னு வெச்சுக்கலாம்.

```
L2·S·L1 = [ 0.5   5 ; -0.125  0.75 ]
L1·S·L2 = [ 0.75  5 ; -0.125  0.5  ]
```

ரெண்டுக்கும் டிடர்மினன்ட் 1. குவியதூரமும், அதாவது -1/C, ரெண்டுலயும் 8 செ.மீதான், இங்கதான் நிறைய பசங்க ஏமாந்து போறாங்க, ஏன்னா ஆர்டரை திருப்பிப்போட்டா A-யும் D-யும் இடம் மாறுதே தவிர C அப்படியே நிக்குது.

வித்தியாசம் தெரியிறது குவியப்புள்ளி எங்க விழுதுன்னு கேக்கும்போதுதான். இணைகதிர் வந்தா கடைசி லென்ஸ்ல இருந்து -A/C தூரத்துல குவியும். மேல உள்ளதுல 4 செ.மீ, கீழ உள்ளதுல 6 செ.மீ.

எது சரின்னு மேட்ரிக்ஸே இல்லாம செக் பண்ணலாம். முதல் லென்ஸ் தனியா 10 செ.மீல குவிக்கும், அதுல 5 செ.மீ போயாச்சு, ரெண்டாவது லென்ஸுக்கு அது 5 செ.மீ பின்னாடி இருக்கிற மாயப்பொருள், 1/v = 1/20 + 1/5, அதாவது v = 4. அந்த 6 செ.மீ, லென்ஸ் ஜோடியை திருப்பி வெச்சா வர்ற விடை.

இப்படி ரெண்டு பக்கமும் காத்தா இருக்கும்போது டிடர்மினன்ட் 1 வரலைன்னா கணக்குல பிழைன்னு சொல்லலாம், வந்துட்டா ஆர்டர் சரின்னு சொல்ல முடியாது.