பால் கொடுக்கும் அம்மா மாத்திரை போட்டால் குழந்தைக்கு எவ்வளவு போகும்?

பால் கொடுக்கும் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் உடனே வரும் அறிவுரை, "மாத்திரை போட்டா ஒரு நாள் பால் குடுக்காதே." இன்னொரு பக்கம், பிள்ளைக்கு ஆகாது என்று மாத்திரையே போடாமல் 102 டிகிரியோடு படுத்துக்கிடப்பவர்கள். இரண்டு பேருமே கேட்காத கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு போகும்?

பாராசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். அம்மா 1000 மில்லிகிராம் (500 மாத்திரை இரண்டு) போடுகிறார். ஒன்று, இரண்டு மணி நேரத்தில் பாலில் அதன் அளவு உச்சத்துக்குப் போகும். அப்போதும் ஒரு லிட்டர் பாலில் சுமார் 10 முதல் 15 மில்லிகிராம்தான் இருக்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளில் கிலோவுக்கு ஏறத்தாழ 150 மில்லி குடிக்கும் என்பது வழக்கமான கணக்கு. 5 கிலோ குழந்தை என்றால் 750 மில்லி. அந்த 750 மில்லியும் உச்ச அளவிலேயே இருந்ததாக மிகைப்படுத்தி வைத்துக்கொண்டாலும், நாள் முழுக்கக் குழந்தைக்குப் போவது 11 மில்லிகிராம் சொச்சம். அதே குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டர் ஒரு வேளைக்கே கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், அதாவது 50 முதல் 75 மில்லிகிராம் எழுதிக் கொடுப்பார்.

ஐபுபுரூஃபன் இதைவிடக் குறைவு. ரத்தத்தில் அது கிட்டத்தட்ட முழுக்கப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு கிடப்பதால் பாலுக்குள் கசிவது மிகச் சொற்பம். 400 மில்லிகிராம் போட்டாலும் ஒரு லிட்டர் பாலில் பொதுவாக 1 மில்லிகிராமைத் தொடாது. மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும்போது வீக்கத்தையும் சேர்த்துக் குறைப்பதால் பல நேரம் இதுவே பொருத்தம். வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் வேண்டாம். அது அம்மாவுக்காகச் சொல்வது, குழந்தைக்காக அல்ல. வலிக்காக ஆஸ்பிரினை மட்டும் தொடாதீர்கள்.

பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது பற்றி ஒரு வார்த்தை. மருந்து பாலில் போய்த் தேங்கிக் கிடப்பதில்லை. ரத்தத்தில் அளவு குறையக் குறைய, பாலில் இருப்பதும் திரும்ப ரத்தத்துக்கே இறங்கிவிடும். கொட்டினாலும் கொட்டாவிட்டாலும் அது குறைகிற வேகம் ஒன்றுதான். மேலே சொன்ன இரண்டு மாத்திரைக்கும் கொட்டவும் வேண்டாம், நேரம் பார்த்துக் காத்திருக்கவும் வேண்டாம்.

என் பார்வையில் உண்மையான சிக்கல் "சளி, காய்ச்சல், தலைவலி எல்லாத்துக்கும் ஒரே மாத்திரை" என்று வாங்குவதில்தான் இருக்கிறது. பெட்டியின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். சூடோஎஃபெட்ரின் என்று இருந்தால் வைத்துவிடுங்கள். குழந்தைக்குப் போகும் அளவு குறைவுதான், ஆனால் பால் சுரப்பதையே அது குறைத்துவிடும். 60 மில்லிகிராம் ஒரே ஒரு வேளை கொடுத்துப் பார்த்த ஆய்வில், அடுத்த 24 மணி நேரத்தில் பால் சராசரியாக 24 சதவீதம் குறைந்தது. ஏற்கெனவே பால் போதவில்லை என்று தவிக்கிறவருக்கு இது பெரிய அடி. மாத்திரை போட்ட மறுநாள் குழந்தை மார்பை விட்டு விட்டு அழுதால் "பால் வற்றிப்போச்சு" என்று புட்டிப்பாலுக்கு ஓடுவோமே தவிர, சளி மாத்திரையை யாரும் சந்தேகப்படுவதில்லை! குளோர்ஃபெனிரமின் இருந்தால் குழந்தைக்கும் தூக்கம் தட்டலாம். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். தும்மல், அரிப்புக்கு செட்ரிசின் அல்லது லோராடடின் நல்லது.

கணக்குப் போட்டு நிம்மதியாக இருக்க முடியாத மருந்துகளும் உண்டு. இருமல் மருந்திலும் வலி மாத்திரையிலும் வரும் கோடீன், அப்புறம் டிராமடால். கோடீன் உடம்புக்குள் போய் மார்ஃபினாக மாறும். சிலருக்குப் பிறவியிலேயே இந்த மாற்றம் மிக வேகம். அவர்கள் பாலில் மார்ஃபின் எதிர்பாராத அளவுக்கு ஏறிவிடும், தான் அப்படிப்பட்டவர் என்பது அம்மாவுக்கே தெரிந்திருக்காது. 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பால் கொடுக்கும் பெண்களுக்கு இந்த இரண்டும் வேண்டாம் என்று எச்சரித்தது இதனால்தான்.

மேலே போட்ட கணக்கு நிறைமாதத்தில் பிறந்து நன்றாக வளரும் குழந்தைக்கு. குறைமாதக் குழந்தை, பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தை என்றால் கல்லீரலும் சிறுநீரகமும் இன்னும் பழகவில்லை, போன மருந்து மெல்லத்தான் வெளியேறும். அங்கே புது மருந்து எதுவானாலும் டாக்டரிடம் குழந்தையின் வயதையும் எடையையும் சொல்லிக் கேளுங்கள். அவருக்கே சந்தேகம் என்றால் LactMed என்ற இலவசத் தரவுத்தளத்தில் மருந்தின் பெயரைப் போட்டால் பாலில் அளந்த அளவே வரும்.

எந்த மருந்து போட்டிருந்தாலும், பால் குடிக்கக்கூட எழுப்ப முடியாத தூக்கம், சப்புவதில் தளர்ச்சி, மூச்சு மெதுவாவது, உடம்பு துவளுவது, இதில் ஒன்றைப் பார்த்தாலும் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மருந்து அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.