டிவிடெண்ட் தனி வருமானம் இல்லை

"மியூச்சுவல் ஃபண்டுல டிவிடெண்ட் ஆப்ஷன் எடுங்க, முதல் அப்படியே இருக்கும், மேல வருமானம் வரும்."

அப்படி இருக்காதுங்க. ஈக்விட்டி ஃபண்டில் 40 ரூபாய்க்கு வாங்கிய 2,000 யூனிட், இப்போது என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பு, 50 என்று வைப்போம். யூனிட்டுக்கு 3 ரூபாய் கொடுத்தால் 6,000 கைக்கு வரும், என்ஏவி 47 ஆக இறங்கிவிடும். 2020 ஏப்ரலிலிருந்து அந்த 6,000 முழுவதும் உங்கள் வருமானத்தோடு சேர்கிறது. 30 சதவீத வரி கட்டுபவருக்கு 1,800 போய்விடும், செஸ் தனி.

டிவிடெண்ட் தராமல் லாபத்தை ஃபண்டிலேயே விட்டுவைக்கும் குரோத் ஆப்ஷனில் 120 யூனிட் விற்றாலும் அதே 6,000தான். ஆனால் அதில் லாபம் 1,200 மட்டுமே. வாங்கி ஓராண்டு தாண்டி, அந்த நிதியாண்டின் நீண்டகால லாபம் மொத்தமும் 1.25 லட்சத்துக்குள் இருந்தால் வரி இல்லை.

அம்மாவுக்கு வரியே இல்லை, அவர் டிவிடெண்ட் எடுத்தால் என்ன என்று கேட்கும் நண்பருக்கு: சரி, வரியில் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் மாத மருந்துச் செலவுக்கு என்றால் டிவிடெண்ட் எப்போது, எவ்வளவு வரும் என்று உறுதி கிடையாது. குரோத்தில் எஸ்டபிள்யூபி, அதாவது சொன்ன தேதியில் சொன்ன தொகைக்கு யூனிட்டைத் தானாக விற்றுத் தரும் வசதி, போட்டால் தேதியும் தொகையும் நீங்களே வைக்கலாம்.