அழைப்பு வந்த பிறகுதான் கதை

பாளையங்கோட்டையில் நடந்த ஒரு வாசிப்புக் கூட்டத்தில் இளம் நண்பர் ஒருவர் தம் சிறுகதையை வாசித்தார். அம்பாசமுத்திரம் பக்கத்து இளைஞன் ஒருவன் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, மூளைச்சாவு அடைந்த எவரேனும் ஒருவரின் சிறுநீரகம் தனக்குப் பொருந்தாதா என்று காத்திருக்கிறான். ஒரு நள்ளிரவில் மதுரை மருத்துவமனையிலிருந்து அழைப்பு வருகிறது, தாய் அழுகிறாள், கதை முடிகிறது. கேட்டவர்கள் பலர் கண்கலங்கினார்கள். டயாலிசிஸ் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கோ, தொடங்க வேண்டிய இடத்தில் கதையை முடித்துவிட்டாரே என்றுதான் தோன்றியது.

அவர் நன்றாகக் கவனித்து எழுதிய பகுதிகளும் உண்டு. சிறுநீர் அனேகமாக நின்றுபோனவனுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டரைச் சற்றே தாண்டிய தண்ணீர்தான் அனுமதி. தாமிரபரணிக் கரையில் பிறந்தவன் சித்திரை வெயிலில் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, டம்ளரின் அடியில் கிடக்கும் இரண்டு மடக்கைச் சாயங்காலத்துக்கென மூடிவைக்கும் இடம் அருமை. இளநீரை அவன் தள்ளிவைப்பதும் சரியே. அதிலுள்ள பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறிவிடும்.

ஆனால், அழைப்பு வந்துவிட்டால் சிறுநீரகம் கிடைத்துவிட்டது என்று பொருளல்ல. எடுத்த சிறுநீரகத்தைப் பனிக்கட்டியில் வைத்துக் காக்கலாம் என்றாலும், நேரம் கூடக் கூட அது தளர்ந்துகொண்டே போகும். முதலில் அழைக்கப்பட்டவருக்குக் காய்ச்சல் இருந்தாலோ, ரத்தம் ஒத்துவராவிட்டாலோ, அதன் பிறகு அடுத்தவரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. எனவே ஒரு சிறுநீரகத்துக்கு ஒருவருக்கு மேற்பட்டவர்களை ஒரே சமயத்தில் வரச் சொல்வது வழக்கம். நம் இளைஞன் வாடகைக் காரில் விடியுமுன் மதுரை போய்ச் சேரும்போது, அதே நடைக்கூடத்தில் வெறும் வயிற்றோடு இன்னும் இருவர் உட்கார்ந்திருப்பார்கள். மூவருக்கும் ஓ வகை ரத்தம். ஓ வகைக்காரர் வழக்கமாக ஓ வகைக்காரரின் உறுப்பைத்தான் பெற முடியும் என்பதால் அவர்களின் வரிசை நீண்டது. ஒருவருக்கொருவர் ஊர் பெயரை விசாரித்துக்கொள்வார்கள். இவருக்கு ஆகாமற்போனால் நமக்கு ஆகுமே என்ற எண்ணம் எழுந்ததும் பார்வையைத் தாழ்த்திக்கொள்வார்கள். எழுத்தாளர் அங்கேதான் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அங்கே எல்லோரும் காத்திருப்பது 'கிராஸ் மேட்ச்' முடிவுக்கு. கொடையாளரின் வெள்ளை அணுக்களோடு, நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரத்தைக் கலந்து பார்ப்பார்கள். முடிவு தெரியச் சில மணி நேரமாகும். அந்த அணுக்கள் தாக்கப்பட்டு மடிந்தால், கொடையாளரின் திசுவுக்கு எதிரான எதிர்ப்பொருள் இவன் உடலில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது என்று பொருள். அதை மீறிப் பொருத்தினால், ரத்த ஓட்டம் திறந்த சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ சிறுநீரகம் நீலம் பாய்ந்து வீணாகிவிடக்கூடும். ரத்த வகை பொருந்தியிருந்தும் திருப்பி அனுப்புவது இதனால்தான்.

நம் இளைஞனையும் அப்படித் திருப்பி அனுப்பிவிடக்கூடும். இருபத்தேழு வயது ஆண்மகனுக்கு அந்த எதிர்ப்பொருள் எப்படி வந்திருக்கும்? பெண்களுக்குக் கருவுற்றதால் வந்திருக்கலாம். முன்பு ஒருமுறை உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்கும் வரலாம். இவனுக்கு இரண்டும் இல்லை. கதையின் நடுவே எழுத்தாளர் ஒரே வரியில் கடந்துபோன ஒரு செய்தியில் விடை இருக்கிறது: ஹீமோகுளோபின் ஆறுக்கு இறங்கியபோது, உள்ளூர் மருத்துவமனை ஒன்றில் அவனுக்கு இரண்டு முறை ரத்தம் ஏற்றுகிறார்கள். பிறர் ரத்தத்தோடு பிறருடைய வெள்ளை அணுக்களும் உள்ளே போகின்றன. உடல் அவற்றை அந்நியமென்று கண்டு எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொள்கிறது. மூச்சுத் திணறும் நிலையில் ரத்தம் ஏற்றாமல் இருக்க முடியாது என்பது உண்மைதான். அந்த அவசரம் இல்லாதபோது ரத்த உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் ஊசியும் இரும்புச்சத்தும் கொடுத்து ஹீமோகுளோபினை உயர்த்தியிருக்கலாம். ரத்தமே வேண்டியிருந்தாலும் வெள்ளை அணுக்களை வடிகட்டிக் கொடுத்தால் ஆபத்து ஓரளவு குறையலாம். இப்படித் திரும்பி வந்த பையன் ஒருவனின் தாய் என்னிடம், "ரத்தம் ஏத்தும்போது யாரும் இதச் சொல்லலியே ஐயா, நாங்க நல்லதுன்னுதான நெனச்சோம்" என்றார். என்னிடம் பதில் இல்லை.

கூட்டம் முடிந்ததும் அந்த நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ அவனுக்குக் கிடைக்கவே கிடைக்காதா அண்ணாச்சி?" என்று கேட்டார். அப்படியல்ல. ஒரு கொடையாளருக்கு ஒத்துவராத ரத்தம் இன்னொருவருக்கு ஒத்துவரலாம்; பட்டியலில் அவன் பெயர் அப்படியே இருக்கும். ஆனால் எதிர்ப்பொருள் எத்தனை பேரின் திசுவுக்கு எதிராக உண்டாகியிருக்கிறதோ, அந்த அளவுக்கு அவன் காத்திருப்பு நீளும். அதை அளந்து சொல்லத் தனியே பரிசோதனை உண்டு. இனி எப்போது ரத்தம் ஏற்ற நேர்ந்தாலும், அந்தச் செய்தியை, உறுப்புக்காகப் பெயர் பதிந்திருக்கும் மருத்துவமனைக்குத் தெரிவித்துப் புதிய சீரம் கொடுக்க வேண்டும். பழைய சீரத்தை வைத்துப் பார்த்தால் புதிதாக உண்டான எதிர்ப்பொருள் தெரியாமலே போய்விடும்.

மதுரையிலிருந்து திரும்பும் காரில் அவனுக்குப் பேச எதுவும் இராது. அன்றைக்கு டயாலிசிஸ் முறையென்றால் வீட்டுக்குப் போகாமல் நேரே வந்து நான்கு மணி நேரம் படுத்தாக வேண்டும்.